விமானத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவரின் ரெஸ்யூம்

விமானம் தரையிறங்கி, பயணிகள் இறங்கி, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் ஒருவர் அதைச் சுற்றி நடந்து வருவதை ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். பளிச்சென்ற ஜாக்கெட், கையில் டார்ச். இறங்கும்போது பறவை மோதியதாக பைலட் டெக் லாக் புத்தகத்தில் எழுதியிருந்தால், அவர் இன்ஜின் வாயருகே நின்று விசிறித் தகடுகளைக் கையால் மெல்லச் சுழற்றி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நுனி வளைந்திருக்கிறதா, விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா, உள்ளே ரத்தக்கறையோ இறகோ தெரிகிறதா என்று தேடுவார். பராமரிப்புக் கையேடு சொல்லும் அளவுக்குள் எல்லாம் இருந்தால், என்ன பார்த்தோம், எந்தப் பக்கத்தின்படி பார்த்தோம் என்று அதே புத்தகத்தில் எழுதி, கையெழுத்தும் தன் எண்ணும் போடுவார். அதன் பிறகுதான் விமானம் கிளம்பலாம்.

இந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: சேவைக்கு விடுவிக்கும் சான்று. வேலை விதிப்படி முடிந்தது, அந்த வேலையைப் பொறுத்தவரை விமானம் பறக்கத் தயார் என்று ஒரு தனிமனிதர் தன் பெயரில் சொல்கிறார். தவறாகப் போட்டால் அவருடைய லைசென்ஸை நிறுத்திவைக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு அதிகாரம் இருக்கிறது. இவரைத்தான் விமானப் பராமரிப்புப் பொறியாளர், சுருக்கமாக ஏஎம்இ, என்கிறார்கள். நம் ஊரில் பி.இ. ஏரோநாட்டிகல் முடித்த பிள்ளையை இந்த வேலைக்குத்தான் போகப்போகிறான் என்று நினைத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. அந்தப் பட்டம் வடிவமைப்பு, ஆராய்ச்சி, உற்பத்தி என்று வேறு பக்கம் அழைத்துப் போகும். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சக்கரம் மாற்றியதற்குக்கூடக் கையெழுத்துப் போட முடியாது.

ஆகவே ஒரு ஏஎம்இயின் ரெஸ்யூமைக் கையில் எடுக்கிறவர் முதலில் தேடுவது, இவர் எதற்கெல்லாம், எந்த அதிகாரத்தில் கையெழுத்துப் போடலாம் என்பதை. பல ரெஸ்யூம்கள் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, வரிகள் வழக்கமாக வருகிறவை.

“பி1.1 லைசென்ஸ். ஏ320, ஏ320 நியோ, ஏடிஆர் 72-600 விமானங்களில் அனுபவம். டிஜிசிஏ, இஏஎஸ்ஏ, எஃப்ஏஏ அனுமதிகள். சி செக், மின்னல் தாக்கிய பின் சோதனை, போரோஸ்கோப், என்டிடி செய்தவர். பத்து ஆண்டு அனுபவம்.”

படித்தால் மிரட்டலாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர் இதைப் படித்துவிட்டு அரை டஜன் கேள்விகளோடு நிமிர்வார்.

பி1.1 என்பதிலிருந்து தொடங்கலாம். டிஜிசிஏயின் சிஏஆர்-66 என்ற விதித்தொகுப்பு லைசென்ஸைப் பிரிவுகளாக வகுக்கிறது. ஏ பிரிவுக்காரர் சின்னச் சின்ன வழக்கமான வேலைகளுக்கும் எளிய பழுதுகளுக்கும் கையெழுத்திடலாம். அதுவும் தன் கையால் செய்த வேலைக்கு மட்டும். பி1 என்றால் விமானத்தின் உடல், இன்ஜின், ஹைட்ராலிக் போன்ற இயந்திர அமைப்புகள், மின்சார அமைப்புகள். பி2 என்றால் ஏவியானிக்ஸ், அதாவது ரேடியோ, வழிகாட்டும் கருவிகள், தானியங்கிப் பறத்தல், அவற்றோடு மின்சாரமும். சி பிரிவு பெரிய ஹேங்கர் வேலைகள் முடிந்தபின் முழு விமானத்தையும் விடுவிக்கும் அதிகாரம். பி1க்குப் பின்னால் வரும் எண் எந்த வகை விமானம் என்பதைச் சொல்கிறது: 1 என்றால் டர்பைன் இன்ஜின் விமானம், 2 பிஸ்டன் விமானம், 3 டர்பைன் ஹெலிகாப்டர், 4 பிஸ்டன் ஹெலிகாப்டர். நம் மாதிரிக்காரர் பி1.1. பயணிகள் விமான நிறுவனங்களில் அதிகம் தேவைப்படும் பிரிவு இது. ஆகவே இந்த வரி சரி.

ஆனால் பி1.1 என்று போட்டுவிட்டு, கீழே சாதனைப் பட்டியலில் “வானிலை ரேடார் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து சான்றளித்தேன்” என்று எழுதுகிறவர்களும் உண்டு. இங்கேதான் படிப்பவரின் புருவம் உயரும். பி1காரர் ஏவியானிக்ஸ் பக்கம் கையே வைக்கக் கூடாது என்பதில்லை. ஒரு பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்டி, ‘வேலை செய்கிறதா, இல்லையா’ என்ற எளிய சோதனையோடு முடிகிற வேலையென்றால் அவரே விடுவிக்கலாம். கோளாறு எங்கே என்று துருவித் தேட வேண்டியிருந்தால் அது பி2காரரின் வேலை. ரேடார் பழுதைத் தேடியதாகச் சொல்கிறவர் பக்கத்தில் நின்று உதவியிருக்கலாம், அதில் தப்பில்லை. சான்றளித்தேன் என்ற சொல்தான் அவரை மாட்டிவிடுகிறது. இரண்டில் ஒன்று: அதிகாரமில்லாமல் கையெழுத்திட்டிருக்கிறார், அல்லது கையெழுத்திடாததை இட்டதாக எழுதுகிறார்.

மூத்தவர்களின் ரெஸ்யூமில் வேறு ஒரு குழப்பம் வரும். சிஏஆர்-66க்கு முந்தைய இந்திய முறையிலும் எழுத்துகள்தான் இருந்தன, பொருள் வேறு. அன்றைய ஏ என்பது விமானத்தின் உடல், சி என்பது இன்ஜின். ‘ஏ, சி’ இரண்டும் வைத்திருந்தவர் ஏறத்தாழ இன்றைய பி1. மின்சாரம், கருவிகள், ரேடியோ தனித்தனியாக இருந்து, பிறகு பி2 பக்கம் சேர்ந்தன. பழைய பழக்கத்தில் ஒருவர் ‘ஏ, சி’ என்று மட்டும் எழுதினால், மனிதவளத் துறையில் இருக்கும் இளைஞர் அவரைச் சில்லறை வேலைக்காரர் என்றும் நினைக்கலாம், முழு விமானத்தையும் விடுவிப்பவர் என்றும் நினைக்கலாம். இரண்டும் தப்பு.

அடுத்தது விமான வகை. பெரிய விமானங்களுக்கு வெறும் பி1.1 போதாது; எந்த விமானம், எந்த இன்ஜின் என்று லைசென்ஸிலேயே பதிந்திருக்க வேண்டும். இதை டைப் ரேட்டிங் என்கிறார்கள். அந்த விமானத்துக்கான வகுப்பு, செய்முறை, தேர்வு, அந்தப் பிரிவில் முதல் டைப் என்றால் மேற்பார்வையில் வேலைப் பயிற்சி, எல்லாம் முடிந்த பிறகே பதிவு. பதிவில் இன்ஜின் பெயரும் சேர்ந்தே வரும். ஏ319, ஏ320, ஏ321 என்ற ஒரே குடும்பம் சிஎஃப்எம்56 இன்ஜினோடு ஒரு பதிவு, வி2500 இன்ஜினோடு இன்னொன்று, பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ1100ஜியோடு மற்றொன்று, லீப்-1ஏயோடு வேறொன்று. கடைசி இரண்டும்தான் நாம் ‘நியோ’ என்று அழைப்பவை.

அதனால் “ஏ320, ஏ320 நியோ” என்ற வரி பாதித் தகவல்தான். இந்தியாவில் பிராட் இன்ஜின் நியோக்களும் பறக்கின்றன, லீப் இன்ஜின் நியோக்களும் பறக்கின்றன. ஆள் தேடும் நிறுவனத்திடம் இருப்பது லீப், வருபவரிடம் இருப்பது பிடபிள்யூ1100ஜி என்றால் அவரை அடுத்த வாரமே ஷிஃப்டில் போட முடியாது. நடுவே பயிற்சியும் பதிவும் நிற்கும். விமானத்தின் முழுப் பெயரிலேயே விடை ஒளிந்திருக்கிறது: ஏ320-271என் என்றால் பிராட் இன்ஜின், ஏ320-251என் என்றால் லீப்.

ஏடிஆர் 72-600இல் இன்னும் வேடிக்கை. அது விற்பனைப் பெயர். வகைச் சான்றிதழில் அந்த விமானத்தின் பெயர் ஏடிஆர் 72-212ஏ. 72-500 என்று விற்கப்பட்ட பழைய விமானத்துக்கும் அதே பெயர்தான். ஆகவே லைசென்ஸில் 212ஏ என்றும் ரெஸ்யூமில் 600 என்றும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு இது தெரியாவிட்டால், உள்ளது உள்ளபடி எழுதியவர்கூடச் சந்தேகத்துக்கு ஆளாவார். லைசென்ஸில் இருப்பதை அப்படியே எழுதி, வழக்குப் பெயரைப் பக்கத்தில் சேர்ப்பதே நல்லது.

‘அனுபவம்’ என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. டைப் ரேட்டிங் இல்லாமலே ஏடிஆர் ஹேங்கரில் இரண்டு வருடம் மெக்கானிக்காக வேலை பார்த்திருக்கலாம். அது உண்மையான அனுபவம்தான், மதிப்பும் உண்டு. ரேட்டிங் உள்ள விமானங்களோடு ஒரே வரியில் கோத்துவிட்டால்தான் வம்பு.

இனி, எனக்குத் தெரிந்து இந்த ரெஸ்யூம்களில் மிக அதிகமாகக் குழம்பும் இடம்: “டிஜிசிஏ, இஏஎஸ்ஏ, எஃப்ஏஏ அனுமதிகள்.” யாருக்குக் கிடைத்த அனுமதி?

இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. லைசென்ஸ் அரசு அமைப்பு ஆளுக்குத் தருவது. வேலை மாறினாலும் கூடவே வரும். நிறுவன அனுமதி, பராமரிப்பு நிறுவனத்துக்கு அரசு அமைப்பு தருவது. இந்தியாவில் சிஏஆர்-145இன் கீழ் வரும். மூன்றாவது, அந்த நிறுவனம் தன் பொறியாளருக்கு எழுதித் தரும் சான்றளிப்பு அதிகாரம். இதைத் துறையில் ஆதரைசேஷன் என்பார்கள். லைசென்ஸில் டைப் பதிந்திருந்தாலும், வேலை செய்யும் நிறுவனம் ஆதரைசேஷன் கொடுத்தால்தான் அங்கே கையெழுத்துப் போடலாம். டெக் லாக்கில் போடும் எண்ணும் முத்திரையும் அதைக் குறிப்பவை. எந்தெந்த விமானம், என்னென்ன வேலை, எதுவரை என்று அதில் எல்லை வரைந்திருக்கும். வேலையை விட்டால் அது அங்கேயே முடிந்துவிடும். புது நிறுவனம் தன் மதிப்பீட்டைச் செய்து புதிதாகத் தர வேண்டும்.

இப்போது ஐரோப்பிய அமைப்பான இஏஎஸ்ஏ என்ற சொல்லைப் பாருங்கள். இந்தியாவில் சில பராமரிப்பு நிறுவனங்கள் டிஜிசிஏ அனுமதியோடு இஏஎஸ்ஏயின் நிறுவன அனுமதியும் வைத்திருக்கின்றன. அங்கே வேலை செய்யும் இந்தியப் பொறியாளர், தன் டிஜிசிஏ லைசென்ஸையும் கூடுதல் பயிற்சியையும் அடிப்படையாகக் கொண்டு, அந்த நிறுவனத்தின் ஆதரைசேஷன் மூலம் இஏஎஸ்ஏ அனுமதியின் கீழ் வேலையை விடுவிக்க முடியும். இது நல்ல அனுபவம். ஆனால் அவரிடம் ஐரோப்பிய லைசென்ஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பார்ட்-66 லைசென்ஸை ஐரோப்பிய நாடுகளின் அதிகார அமைப்புகள் தருகின்றன. அதற்குத் தனித் தேர்வு, தனிக் கோப்பு. பிரிட்டன் ஐரோப்பிய அமைப்பை விட்டு வெளியேறியதால் 2021 முதல் பிரிட்டிஷ் லைசென்ஸும் வேறு, இஏஎஸ்ஏ லைசென்ஸும் வேறு. அமெரிக்காவின் எஃப்ஏஏ தருவது ‘ஏ அண்ட் பி’ சான்றிதழ்: விமான உடல், இன்ஜின் என்ற இரண்டே பிரிவு. அதில் டைப் ரேட்டிங்கே கிடையாது.

ஒரு பொறியாளர் ‘இஏஎஸ்ஏ’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டு வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். அங்கே கேட்பது தனிநபர் லைசென்ஸின் நகல். இவரிடம் இருப்பது பழைய நிறுவனத்தின் ஆதரைசேஷன் அட்டை. நேர்காணல் அந்த இடத்திலேயே கோணிப்போகும். “இஏஎஸ்ஏ பார்ட்-145 அனுமதியுள்ள நிறுவனத்தில், அதன் ஆதரைசேஷனின் கீழ், இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை” என்று எழுதியிருந்தால் அதே தகவல் அவருக்குச் சாதகமாக நின்றிருக்கும்.

“பத்து ஆண்டு அனுபவம்” என்பதையும் விதி தன் கணக்கில்தான் பார்க்கும். கடந்த இரண்டு ஆண்டில் ஆறு மாதமாவது லைசென்ஸுக்கு ஏற்ற பராமரிப்பு வேலை செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் கையில் இருந்தாலும் கையெழுத்திட முடியாது. 2019 ஏப்ரல் 17ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனுவோடு நின்றது. இப்படி ஒரு நிறுவனம் சாயும்போது, அங்கிருந்த பொறியாளர்கள் வேலையோடு சேர்த்து இந்த ஆறு மாதக் கணக்கையும் இழக்கத் தொடங்குகிறார்கள். கடைசியாக எந்த மாதம் எந்த விமானத்தில் கையெழுத்திட்டார் என்பதை ரெஸ்யூமில் ஒளிக்க நினைப்பது இயல்பு. படிப்பவர் முதலில் தேடுவதும் அதைத்தான். இடைவெளியை வெளிப்படையாகப் போட்டு, அந்தக் காலத்தில் எடுத்த பயிற்சியை எழுதுவது மேல்.

கடைசியாகச் சோதனைகள். “சி செக் செய்தவர்” என்பது இரண்டு மூன்று பொருள் தரும். ஓடுதளப் பக்கத்தில் நடக்கும் தினசரி, வாராந்திர வேலைகள் லைன் பராமரிப்பு. விமானத்தை நாள்கணக்கில் நிறுத்தி, தரைப்பலகைகளையும் இருக்கைகளையும் கழற்றி, உள்ளே அரிப்பும் விரிசலும் தேடுவது பேஸ் பராமரிப்பு; சி செக் இந்த ரகம். நம் ஓசூரில்கூட ஏர் வொர்க்ஸ் ஹேங்கரில் இந்த வேலை நடக்கிறது. அங்கே பி1, பி2காரர்கள் துணை ஊழியர்களாக நின்று, தங்கள் பகுதி டாஸ்க் கார்டுகள் சரியாக முடிந்தன என்று கையெழுத்திடுவார்கள். எல்லாக் கார்டும் மூடியபின் முழு விமானத்துக்குமான விடுவிப்பை சி பிரிவுக்காரர் தருவார். ஆகவே பி1.1 மட்டும் வைத்திருப்பவர் “சி செக்கை விடுவித்தேன்” என்று எழுதினால் பொய் ஒரே வரியில் பிடிபடும். “சி செக்கில் பி1 துணை ஊழியராக, இறக்கைப் பகுதிக் கார்டுகளுக்குப் பொறுப்பு” என்றால் அது பெருமைக்குரிய வரி.

மின்னல் சோதனையையும் இதே கண்ணால் பார்க்கலாம். பறக்கும் விமானத்தை மின்னல் தாக்கினால் பெரும்பாலும் மூக்கு, இறக்கை நுனி, வால் போன்ற முனைகளில் ஒரு இடத்தில் நுழைந்து இன்னொரு முனையில் வெளியேறும். நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் கண்டாக வேண்டும். நுழைந்த புள்ளி மட்டும் கிடைத்தால் வேலை முடியவில்லை. ரிவிட் தலைகளில் மிளகளவு தீய்ந்த புள்ளிகள், பெயின்ட் பொசுங்கல், மூக்குக் கூம்பில் ஓடும் உலோகப் பட்டைகள், இறக்கையின் பின்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலைமின் வெளியேற்றிக் குச்சிகள், இவற்றையெல்லாம் பி1காரர் ஏணி போட்டுப் பார்ப்பார். ரேடியோவும் வழிகாட்டும் கருவிகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதில் கோளாறு தலைகாட்டினால் பி2காரர் வந்து நிற்பார். ஆக, “மின்னல் சோதனை செய்தேன்” என்பதைவிட “மின்னல் தாக்கிய பின் சோதனையின் பி1 பகுதியைச் செய்து சான்றளித்தேன், சேதத்தை அளந்து, கட்டமைப்புப் பழுதுநீக்கக் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட்டேன்” என்பது உண்மையில் ஏணியில் ஏறியவரின் குரல்.

போரோஸ்கோப் என்பது இன்ஜினுக்குள் விடும் கேமராக் குழாய். எரியறைச் சுவர் தீய்ந்திருக்கிறதா, டர்பைன் தகடு விரிசல் விட்டிருக்கிறதா என்று இன்ஜினைக் கழற்றாமல் பார்க்கலாம். குழாயைப் பிடிக்க ஒருவர், ரோட்டரைச் சுழற்ற ஒருவர், திரையைப் பார்த்து ‘இது எல்லைக்குள், இன்ன இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும்’ என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர். மூன்று பேரும் ரெஸ்யூமில் ‘போரோஸ்கோப்’ என்றே எழுதுகிறார்கள். தீர்ப்புச் சொல்கிறவருக்கு நிறுவனத்தின் தனி ஆதரைசேஷன் தேவைப்படும்; எந்த இன்ஜினுக்கு என்றும் அதில் இருக்கும். அது இருந்தால் இன்ஜின் பெயரோடு எழுத வேண்டும், இல்லையென்றால் உதவினேன் என்று எழுத வேண்டும்.

என்டிடி, அதாவது பொருளைச் சேதப்படுத்தாமல் விரிசல் தேடும் முறைகள், இன்னொரு உலகம். சுழல்மின்னோட்டம், மீயொலி, எக்ஸ்ரே போன்றவற்றை வேறு தகுதித் தரத்தின்படி நிலை 1, 2, 3 என்று சான்று பெற்றவர்களே செய்யலாம். ஏஎம்இ லைசென்ஸ் அதைத் தராது. ஒரே விலக்கு: நிறச்சாயம் பூசி, துடைத்து, விரிசலில் தங்கிய சாயம் மேலே கசிகிறதா என்று கண்ணால் பார்க்கும் முறையை பி1காரர் செய்யலாம். நம் மாதிரிக்காரர் செய்தது இதுவாகத்தான் இருக்கும். அப்படியானால் ‘என்டிடி’ என்று முழக்காமல் சாயச் சோதனை என்றே எழுதிவிட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பிறகு அதே மனிதரின் அதே பத்து ஆண்டு இப்படி ஆகும்: “டிஜிசிஏ லைசென்ஸ், பிரிவு பி1.1, காலாவதி இன்ன மாதம். டைப் பதிவு: ஏ319/ஏ320/ஏ321, பிடபிள்யூ1100ஜி இன்ஜின். தற்போது சிஏஆர்-145 நிறுவனத்தில் லைன் ஆதரைசேஷன், இன்ன தேதியிலிருந்து தொடர்ச்சியாக. முன்பு இஏஎஸ்ஏ பார்ட்-145 அனுமதியுள்ள ஹேங்கரில் சி செக்குகளில் பி1 துணை ஊழியர். ஏடிஆர் 72-212ஏ (72-600): மெக்கானிக்காக, டைப் பதிவு இல்லை. மின்னல், பறவை மோதலுக்குப் பின் சோதனைகள்: செய்து சான்றளித்தவை. பிடபிள்யூ1100ஜி போரோஸ்கோப்: உதவியாளர். எஃப்ஏஏ சான்றிதழ் இல்லை.” கடைசி வரி தேவையில்லை, எடுத்துவிடலாம். மற்றவை முன்னைவிட அடக்கமாகத் தெரிந்தாலும், ஷிஃப்ட் பட்டியல் போடும் மேலாளர் இதை வைத்து இவரை எந்த விமானத்தின் கீழ் நிறுத்தலாம் என்று உடனே முடிவு செய்துவிடுவார்.

லைசென்ஸின் முழு எண்ணையும் ஸ்கேன் நகலையும் வேலைவாய்ப்புத் தளங்களில் எல்லாருக்கும் தெரியும்படி ஏற்றிவைக்கிறார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. நகலெடுத்துப் பெயரை மாற்ற அதிக நேரம் ஆகாது. நேர்காணல்வரை போனால் நிறுவனத்தின் தரப்பிரிவே மூலத்தைக் கேட்கும். லைசென்ஸ் பக்கங்களை, குறிப்பாக விதிவிலக்குகள் எழுதியிருக்கும் பக்கத்தை, டைப் பயிற்சிச் சான்றிதழின் தேதியோடும் முந்தைய ஆதரைசேஷனோடும் அனுபவப் பதிவேட்டோடும் வைத்துப் பார்க்கும். பயிற்சிச் சான்றிதழ் மார்ச்சில் வந்திருக்க, அதே டைப்பில் ஜனவரியிலேயே சான்றளித்ததாக ரெஸ்யூம் சொன்னால், அடுத்த கேள்வி அந்த ஜனவரியைப் பற்றித்தான் இருக்கும்.